அப்பா சொல்லும் கடைக் கதையைக் குறிப்பேட்டில் எழுதுவது எப்படி?

கேள்வி: "அப்பா மளிகைக் கடை வைத்திருக்கிறார். ராத்திரி கடையைச் சாத்திவிட்டு வந்து அன்றைக்கு நடந்ததைச் சொல்வார், நான் கணக்கு எழுத வேண்டும். பி.காம். படித்திருக்கிறேன். ஆனால் அவர் சொல்வது புத்தகக் கணக்கு மாதிரி இல்லை. நேற்றுச் சொன்னது இது: ‘காலைல கல்லாவுல ரெண்டாயிரம் வச்சு ஆரம்பிச்சேன். மண்டிலேர்ந்து துவரம்பருப்பு மூட்டை வந்துச்சு, ஆறாயிரம். போன வாரமே ரெண்டாயிரம் கொடுத்திருந்தேன்ல, இன்னைக்கு மூவாயிரம் கொடுத்தேன், மீதி ஆயிரம். இறக்குக்கூலி அறுபது. வாத்தியார் பழைய பாக்கி ஆயிரத்து ஐநூறுல ஆயிரம் கொடுத்துட்டு, நானூறுக்குச் சாமான் வாங்கிட்டுப் போனார். வீட்டுக்கு ஒரு சிப்பம் அரிசி எடுத்துட்டு வந்தேன், காய்கறிக்கு முன்னூத்தி நாப்பது. கடைப் பையனுக்கு அட்வான்ஸ் ஐநூறு. தண்டல் நூறு. போன்ல நாலாயிரத்து இருநூறு வந்துச்சு, அதுல எழுநூறு டெய்லரோட பழைய பாக்கி. கல்லாவுல இப்ப ஏழாயிரத்து நூத்தம்பது இருக்கு. பதிமூணாயிரத்துச் சொச்சம் ஏவாரம்.’ இதில் எது பற்று, எது வரவு?"

உங்கள் அப்பா கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறார். பணம் வந்தது, போனது, மீதி எவ்வளவு என்பதுதான் அவருடைய வரிசை. குறிப்பேட்டுக்கு அது போதாது. அதனால் முதல் வேலை விதிகளைத் தேடுவது அல்ல, அவருடைய ஒவ்வொரு வாக்கியத்தையும் நிகழ்ச்சிகளாக உடைப்பது. ஒவ்வொன்றிலும் மூன்று கேள்விகள் கேளுங்கள்: சரக்கு கை மாறியதா, நம்மிடம் உள்ள பணம் கூடியதா குறைந்ததா, யாராவது யாருக்காவது கடன்பட்டார்களா அல்லது கடன் தீர்ந்ததா? மூன்றுமே இல்லையென்றால் பதிவே இல்லை. பக்கத்துக் கடைக்காரருக்கு ஐந்நூறு ரூபாய்க்குச் சில்லறை மாற்றிக் கொடுத்தது, நாளைக்கு எண்ணெய் டின் அனுப்பச் சொல்லி மண்டிக்குப் போன் செய்தது எல்லாம் அப்படிப்பட்டவை. அப்பா அவற்றையும் சொல்வார், நீங்கள் எழுத வேண்டாம்.

பற்று, வரவு என்ற இரண்டு சொற்களும் கடையில் ஒரு விதமாகவும் புத்தகத்தில் வேறு விதமாகவும் ஒலிப்பதால் நிறையப் பேர் இங்கேயே தடுமாறுகிறார்கள். கல்லாவில் பணம் வந்தால் அப்பா "வரவு" என்பார். குறிப்பேட்டிலோ ரொக்கக் கணக்குக்கு அது பற்று. ஆனால் அவருடைய கடன் நோட்டைப் பிரித்துப் பாருங்கள். வாத்தியார் சாமான் வாங்கினால் அவர் பக்கத்தில் "பற்று 400", பணம் கொடுத்தால் "வரவு 1,000" என்று எழுதியிருப்பார். அது இரட்டைப் பதிவு முறையின்படி அப்படியே சரி. வாங்கிக்கொண்டவருக்குப் பற்று, கொடுத்தவருக்கு வரவு. அதே பார்வையைக் கல்லாவுக்கும் கொடுங்கள். கல்லாவையும் ஓர் ஆளாக நினைத்து, பணத்தை வாங்கிக்கொண்டதால் அதற்குப் பற்று, கொடுத்ததால் வரவு என்று எழுதினால் குழப்பம் தீர்ந்துவிடும். அன்றாடக் கடைக் கணக்கில் பெரும்பாலான பதிவுகளுக்கு இந்த ஒரு பார்வை போதும். வட்டியைப் பிரித்து எழுதுவது போன்ற சில இடங்களில் மட்டும் இது ஒத்துவராது, அங்கே வகுப்பில் படித்த விதிக்குத்தான் போக வேண்டும்.

இனி மண்டி விஷயத்துக்கு வருவோம். அப்பா ஒரே மூச்சில் சொன்னதில் மூன்று நிகழ்ச்சிகள் இருக்கின்றன. ஒன்று போன வாரத்தது. 2,000 ரூபாய் கொடுத்த அன்றைக்கே மண்டிக் கணக்கில் பற்று விழுந்திருக்க வேண்டும், நேற்றைய தேதியில் அதைத் தொடவே கூடாது. நேற்று நடந்தவை இரண்டு: மூட்டை வந்தது, 3,000 கொடுத்தது. மூட்டைக்கு முழு 6,000 ரூபாயும் கொள்முதலுக்குப் பற்று, மண்டிக்கு வரவு. பிறகு மண்டிக்கு 3,000 பற்று, ரொக்கத்துக்கு வரவு. புதிதாக எழுதுகிறவர்கள் இங்கே கொள்முதல் 3,000 என்றோ, மீதிப் பாக்கியோடு சேர்த்து 4,000 என்றோ எழுதிவிடுகிறார்கள். எவ்வளவு பணம் கொடுத்தோம் என்பதற்கும் எவ்வளவுக்குச் சரக்கு வாங்கினோம் என்பதற்கும் சம்பந்தமே இல்லை. சரிபார்க்க வழியை அப்பாவே கொடுத்திருக்கிறார், "மீதி ஆயிரம்" என்று. மண்டியின் பேரேட்டுப் பக்கத்தைக் கூட்டுங்கள். பற்றில் பழைய 2,000, புதிய 3,000. வரவில் 6,000. மீதி வரவு 1,000. அவர் வாயால் சொன்ன பாக்கியும் உங்கள் பக்கத்து மீதியும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் பெரும்பாலும் அந்த முன்பணம் போன வாரம் எழுதப்படாமல் போயிருக்கும்.

வாத்தியார் விஷயத்தில் அப்பா ஓரளவு பிரித்தே சொல்லிவிட்டார். பல நாள் இப்படிச் சொல்ல மாட்டார்கள். "வாத்தியார் கணக்குல அறுநூறு குறைஞ்சுது" என்று கழித்துவிட்டுச் சொல்வார்கள். பாக்கி என்னவோ சரியாகத்தான் வரும், 900 ரூபாய். ஆனால் 400 ரூபாய் விற்பனை கணக்கிலேயே ஏறாது. அதனால் யாருடைய பெயராவது பணத்தோடு வந்தால், "சாமானும் வாங்கினாரா?" என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். கழித்துச் சொல்வதை உடைத்து எழுதுவதுதான் இந்த வேலையில் பாதி. பிஸ்கட் கம்பெனிக்காரர் உடைந்த பாக்கெட்டுகளை எடுத்துக்கொண்டு பில்லில் கழித்துக்கொண்டாலும் இதே கதைதான். முழு பில்லுக்கும் கொள்முதல் ஒரு பதிவு, திருப்பிக் கொடுத்ததற்குக் கொள்முதல் திருப்பம் என்று இன்னொரு பதிவு.

வீட்டுக்கு எடுத்த அரிசியைப் பற்றி அப்பா ரூபாய் எதுவும் சொல்லவில்லை என்பதைக் கவனித்தீர்களா? பணம் கைமாறாததால் அவருக்கு அது கணக்கே அல்ல. ஆனால் சரக்கு கடையை விட்டுப் போயிருக்கிறது. உரிமையாளர் எடுத்ததால் எடுப்புக் கணக்குக்குப் பற்று. வரவு எதற்கு? விற்பனைக்கு அல்ல, கொள்முதலுக்கு. அதுவும் வாங்கிய விலையில். சிப்பம் கடைக்கு 1,300 ரூபாய்க்கு வந்து 1,450க்கு விற்பதாக வைத்துக்கொண்டால் எழுத வேண்டியது 1,300. தன் கடைச் சரக்கைத் தானே சாப்பிட்டு யாரும் 150 ரூபாய் லாபம் சம்பாதிக்க முடியாது. காய்கறிக்கு எடுத்த 340ம் எடுப்புதான், ஆனால் அது ரொக்கமாகப் போனதால் ரொக்கத்துக்கு வரவு.

கடைப் பையனுக்குக் கொடுத்த ஐந்நூறைச் சம்பளச் செலவில் எழுதிவிடாதீர்கள். அட்வான்ஸ் என்றால் அவர் இன்னும் நமக்கு வேலை பார்த்துத் தீர்க்க வேண்டிய பணம். சம்பள முன்பணம் என்று வையுங்கள். மாதக் கடைசியில் முழுச் சம்பளத்தையும் செலவாக எழுதும்போது இது அதில் கழிந்துவிடும். நேரே செலவில் போட்டுவிட்டு, மாதக் கடைசியில் முழுச் சம்பளத்தையும் மறுபடி செலவாக எழுதினால் அதே பணம் இரண்டு தடவை செலவாகியிருக்கும்.

தண்டல்தான் இதில் உண்மையிலேயே கஷ்டமானது. கடைக்காரர்கள் இதைக் கரண்ட் பில் மாதிரி ஒரு செலவாகவே பேசுவார்கள். ஆனால் அது கடனைத் திருப்பிக் கட்டுவது. உங்கள் அப்பாவின் தண்டல் எப்படிப்பட்டது என்று நீங்கள் எழுதவில்லை. வழக்கமாக நடப்பதை வைத்துச் சொல்கிறேன். 10,000 என்று பேசி, ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு கையில் 9,000 கொடுப்பார்கள். தினம் 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். பணம் வாங்கிய அன்று ரொக்கம் 9,000 பற்று, முன்கூட்டிய வட்டி 1,000 பற்று, தண்டல் கடன் 10,000 வரவு. அதன் பிறகு தினமும் தண்டல் கடனுக்கு 100 பற்று, ரொக்கத்துக்கு 100 வரவு. கூடவே, பிடித்துக்கொண்ட வட்டியில் அன்றைய பங்காக 10 ரூபாய் வட்டிச் செலவுக்குப் பற்று, முன்கூட்டிய வட்டிக்கு வரவு. அதாவது நூறு ரூபாயில் செலவு என்பது பத்து ரூபாய்தான். நூறையும் செலவாக எழுதினால் நூறு நாளில் 9,000 ரூபாய் லாபம் காகிதத்தில் காணாமல் போகும். வாங்கிய அன்று 9,000த்தை வருமானத்தில் போட்டிருந்தால் அந்த மாதம் பிரமாதமான வியாபாரம் நடந்ததாகத் தெரியும். இரண்டையும் நான் கணக்குகளில் பார்த்திருக்கிறேன்.

கடன் என்பது 10,000, தினக் கட்டு வட்டிச் செலவல்ல, இந்த இரண்டிலும் சந்தேகம் இல்லை. வட்டியைத் தினம் பத்து ரூபாயாகச் சமமாகப் பிரிப்பதுதான் கேள்விக்குரியது. கடன் குறையக் குறைய வட்டியும் குறைய வேண்டும் என்பதால், ஆரம்ப நாள்களில் அதிகமும் கடைசியில் குறைவுமாகப் பிரிப்பதே துல்லியம். மளிகைக் கடைக் கணக்குக்குச் சமமாகப் பிரித்தால் போதும் என்பது என் கருத்து. மாத முடிவில் ஒரே பதிவாக 300 என்று எழுதினாலும் தப்பில்லை. மார்ச் 31 நடுவில் வந்தால் மட்டும் அதுவரை கழிந்த நாள்களுக்கான வட்டியை எழுதி முடித்துவிட வேண்டும். ஒன்று சொல்லத் தோன்றுகிறது: 9,000 வாங்கித் தினம் 100 வீதம் நூறு நாள் கட்டுவது ஆண்டு வட்டியாக 75 சதவீதத்துக்கும் மேலே போகும். அப்பாவுக்கு அது தினம் நூறு ரூபாயாகத்தான் கண்ணில் படுகிறது. வட்டிக் கணக்கைத் தனியாக வைத்து வருடக் கடைசியில் காட்டுங்கள்.

போனில் வந்த பணம் எந்த வங்கிக் கணக்கில் விழுகிறது என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் அப்பாவின் சொந்தச் சேமிப்புக் கணக்காகத்தான் இருக்கும். அப்படியே இருந்தாலும் அதைக் கடைப் புத்தகத்தில் வங்கி என்ற கணக்காகச் சேர்த்துவிடுவது நல்லது. அதிலிருந்து வீட்டுக்குச் செலவழிப்பதையெல்லாம் எடுப்பாக எழுதிவிடலாம். நேற்று வங்கிக்கு 4,200 பற்று, வரவில் விற்பனை 3,500, டெய்லர் 700.

கடைசியாக, அப்பா சொல்லாத ஒரு தொகை: ரொக்க விற்பனை. பில் போடாத கடையில் இதைக் கல்லாவை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இரவு எண்ணியது 7,150. அதிலிருந்து காலையில் வைத்த 2,000த்தையும் வாத்தியார் கொடுத்த 1,000த்தையும் கழித்தால் 4,150. கல்லாவிலிருந்து போனவை மண்டிக்கு 3,000, கூலி 60, காய்கறி 340, அட்வான்ஸ் 500, தண்டல் 100, மொத்தம் 4,000. அதைக் கூட்டினால் 8,150. இப்போது நேற்றைய நாள் முழுவதும் இப்படி வரும்:

```
கொள்முதல் பற்று 6,000        | மண்டி வரவு 6,000
மண்டி பற்று 3,000            | ரொக்கம் வரவு 3,000
இறக்குக்கூலி பற்று 60         | ரொக்கம் வரவு 60
ரொக்கம் பற்று 1,000          | வாத்தியார் வரவு 1,000
வாத்தியார் பற்று 400          | விற்பனை வரவு 400
எடுப்பு பற்று 1,300           | கொள்முதல் வரவு 1,300
எடுப்பு பற்று 340             | ரொக்கம் வரவு 340
சம்பள முன்பணம் பற்று 500     | ரொக்கம் வரவு 500
தண்டல் கடன் பற்று 100        | ரொக்கம் வரவு 100
வட்டிச் செலவு பற்று 10        | முன்கூட்டிய வட்டி வரவு 10
வங்கி பற்று 4,200            | விற்பனை வரவு 3,500
                             | டெய்லர் வரவு 700
ரொக்கம் பற்று 8,150          | விற்பனை வரவு 8,150
```

இரண்டு பக்கமும் 25,060. மொத்த விற்பனை 8,150, 3,500, 400 மூன்றும் சேர்ந்து 12,050. அப்பா பதிமூன்றாயிரத்துச் சொச்சம் என்றாரே? அவர் கைக்கு வந்ததைக் கூட்டியிருக்கிறார்: 8,150, 1,000, 4,200 சேர்ந்து 13,350. அதில் 1,700 பழைய பாக்கி, என்றைக்கோ விற்பனையாக எழுதியாகிவிட்டது. நேற்றுக் கடனுக்குப் போன 400 அவர் கூட்டலில் இல்லை. 1,700ஐக் கழித்து 400ஐக் கூட்டினால் உங்கள் 12,050 வந்துவிடும். இப்படி இரண்டு தொகைக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்க முடிந்தால்தான் பதிவு சரியாக இருக்கிறது என்று நம்பலாம். பற்றும் வரவும் சமமாக இருப்பது மட்டும் போதாது. அரிசியைக் கொள்முதலுக்குப் பதில் விற்பனையில் வரவு வைத்திருந்தாலும் இதே 25,060 தான் வந்திருக்கும்.

கல்லாவை வைத்து விற்பனையைக் கண்டுபிடிக்கும் முறைக்கு ஒரு பெரிய பலவீனம் இருக்கிறது. அப்பா எதை மறந்தாலும் அது சத்தமில்லாமல் விற்பனைத் தொகைக்குள் போய் ஒளிந்துகொள்ளும். ஐம்பது ரூபாய் டீச் செலவை மறந்தால் விற்பனையும் ஐம்பது குறையும், செலவும் ஐம்பது குறையும், லாபம் மாறாது. பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். காய்கறிக்கு எடுத்த 340ஐ மறந்தால் விற்பனை மட்டும் குறைகிறது, அதனால் லாபமும் 340 குறைந்துவிடும். வாத்தியார் கொடுத்த ஆயிரத்தை மறந்தால் விற்பனை 9,150 என்று வரும், ஆயிரம் ரூபாய் இல்லாத லாபம். வாத்தியார் பெயரிலும் பாக்கி குறையாமல் நிற்கும், அடுத்த தடவை அவர் வந்து "நான் கொடுத்தேனே" என்று சொல்லும்போதுதான் தெரியும். அதனால் நேரம் குறைவாக இருக்கிற நாளில் அப்பாவிடம் டீச் செலவை விசாரிக்காதீர்கள். வீட்டுக்கு எடுத்தது என்ன, பழைய பாக்கி யார் கொடுத்தார்கள், இந்த இரண்டை மட்டுமாவது கேட்டுவிடுங்கள். கடையில் பில் மெஷின் இருந்தால் நிலைமை வேறு. அப்போது விற்பனை தனியாகத் தெரியும், கல்லாவில் குறைவதையோ கூடுவதையோ ரொக்கக் குறைவு, மிகுதி என்று தனிக் கணக்கில் காட்ட முடியும்.

மேலே எழுதியது எல்லாம் ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத கடை என்று வைத்து. காம்போசிஷன் திட்டத்தில் இருந்தாலும் வாங்கும் பில்லில் உள்ள வரி கொள்முதல் விலையோடுதான் சேரும். வழக்கமான பதிவு இருந்தால் மட்டும் வாங்கும்போது கட்டிய வரியையும் விற்கும்போது வசூலித்த வரியையும் தனித்தனிக் கணக்குகளில் பிரிக்க வேண்டும். வீட்டுக்கு எடுத்த சரக்கிலும் அந்த வரிக்கு ஒரு வழி செய்ய வேண்டியிருக்கும். அதை உங்கள் ஆடிட்டரிடம் பில்லைக் காட்டியே கேளுங்கள். இறக்குக்கூலியைத் தனிக் கணக்கில் வைப்பதா, கொள்முதலோடு சேர்ப்பதா என்று கேட்டால் இரண்டும் நடைமுறையில் உண்டு. வருடம் முழுவதும் ஒரே மாதிரி செய்தால் போதும்.

நீங்கள் இப்போதுதான் எழுத ஆரம்பித்திருக்கிறீர்கள் என்றால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. வாத்தியாரின் 1,500, டெய்லரின் பழைய பாக்கி, மண்டிக்குக் கொடுத்த 2,000, தண்டலில் மீதிக் கடன் இவையெல்லாம் உங்கள் புத்தகத்துக்கு எங்கிருந்து வரும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையில் உட்கார்ந்து சரக்கை எண்ணி வாங்கிய விலையில் மதிப்பிடுங்கள். கடன் நோட்டிலிருந்து ஒவ்வொரு பெயரின் பாக்கியையும் எடுங்கள். கல்லா, வங்கி, தராசு, ஃபிரிட்ஜ், கடைக்கான வாடகை அட்வான்ஸ் எல்லாவற்றையும் சேர்த்துப் பற்றில் வையுங்கள். தண்டலில் இன்னும் கழியாத வட்டியும் பற்றில்தான் வரும். கொடுக்க வேண்டியவற்றை வரவில் வையுங்கள். வித்தியாசம் அப்பாவின் மூலதனக் கணக்குக்கு வரவு. பழைய பாக்கிகளில் வராது என்று அப்பாவுக்கே தெரிந்தவை சில இருக்கும், அவற்றை அன்றைக்கே விட்டுவிடுங்கள். லாபம் எவ்வளவு என்று அப்பா அடுத்த வாரமே கேட்கக்கூடும். இந்தக் குறிப்பேட்டில் கொள்முதல் இருக்கிறது, விற்பனை இருக்கிறது, ஆனால் அலமாரியில் எவ்வளவு மிச்சம் என்பது இல்லை. இன்னொரு தடவை சரக்கை எண்ணும் வரை அந்தக் கேள்விக்கு எந்தத் தொகையையும் சொல்லாதீர்கள்.